உர மூட்டை முதலில் எங்கே போக வேண்டும்?

சம்பா நடவு முடிந்து இருபதாம் நாள். பயிர் தூர் கட்டும் தருணம். மேலுரம் வாங்கச் சைக்கிளில் சங்கத்துக்குப் போன விவசாயி, "யூரியா தீர்ந்துவிட்டது, அடுத்த லோடு வந்ததும் சொல்லி அனுப்புகிறேன்" என்ற பதிலோடு வெறுங்கையாகத் திரும்புகிறார். அதே நாளில், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு சங்கத்தில் யூரியா மூட்டைகள் கூரை வரை அடுக்கிக் கிடக்கின்றன. வாங்க ஆள் இல்லை. இரண்டு சங்கங்களுக்கும் சரக்கு வந்தது ஒரே மாவட்டக் கிட்டங்கியிலிருந்துதான்.

இதைப் பார்க்கிறவர்கள் "உரத் தட்டுப்பாடு" என்று சொல்லிவிடுகிறார்கள். மாவட்டத்துக்கு வந்த உரமே குறைவு என்றால் அது தட்டுப்பாடுதான். ஆனால் மொத்த இருப்பு போதுமானதாக இருந்தும் ஓரிடத்தில் தேங்கி மற்றோரிடத்தில் இல்லாமல் போனால், அது பங்கீட்டில் வந்த கோளாறு. நான் காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பல ஆண்டுகள் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அனுபவத்தில், நம்மை அதிகம் வாட்டியது இந்த இரண்டாவது வகைதான். இதைப் பற்றி விவசாயப் பெருமக்களிடம் விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

இரண்டு வழிகள்

கிட்டங்கியில் இருக்கும் உரத்தைச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், பருவம் தொடங்கும் முன்பே கிட்டங்கியில் இருப்பவர்கள் சென்ற ஆண்டு எந்தச் சங்கம் எத்தனை மூட்டை விற்றது என்று பார்ப்பார்கள். அந்த விகிதப்படி இந்த ஆண்டுச் சரக்கைப் பிரித்து லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். சங்கத்தைக் கேட்பதில்லை. இதைத் "தள்ளி அனுப்புவது" என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது வழியில், கிட்டங்கி தானாக எதையும் அனுப்பாது. சங்கச் செயலாளர் "எனக்கு இத்தனை மூட்டை வேண்டும்" என்று தேவைப் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பேரில் சரக்கு வரும். இது "கேட்டு வாங்குவது".

எது நல்லது என்று கேட்டால், அலுவலகத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதல் வழியைச் சொல்வார்கள். புள்ளிவிவரம் கையில் இருக்கிறது, பாரபட்சம் இல்லை என்பது அவர்கள் வாதம். கிராமத்தில் இருப்பவர்கள் இரண்டாவதைச் சொல்வார்கள். எங்கள் ஊர் நிலைமை எங்களுக்குத்தானே தெரியும் என்பது இவர்கள் வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆயினும் இரண்டில் எதைத் தனியாக வைத்துக்கொண்டாலும் கடைமடை விவசாயிதான் அடிபடுகிறார் என்பதே என் கருத்து.

விற்றது வேறு, வேண்டியது வேறு

நான் செயலாளராக இருந்தபோது ஒரு பருவத்தில் எங்கள் சங்கத்துக்கு வந்த யூரியா பத்தே நாளில் தீர்ந்துபோனது. அதன் பிறகு மூன்று வாரம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கையை விரித்துக்கொண்டிருந்தேன். மறு ஆண்டு ஒதுக்கீடு வந்தபோது எங்களுக்கு மிகக் குறைவாகவே போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "சென்ற ஆண்டு உங்கள் விற்பனையே அவ்வளவுதானே?" என்று பதில் வந்தது. சரக்கு இல்லாததால் விற்கவில்லை. விற்காததால் மறு ஆண்டும் சரக்கு இல்லை. இந்தச் சக்கரத்தில் ஒரு சங்கம் ஒரு தடவை சிக்கிக்கொண்டால் தானாக வெளியே வருவது கடினம்.

கோளாறு எங்கே என்று பாருங்கள். உரம் வாங்கிப் போனவருக்கு ரசீது இருக்கிறது. வெறுங்கையாகத் திரும்பியவருக்கு எந்தக் காகிதமும் இல்லை. ஆகவே, விற்பனைக் கணக்கு என்பது விவசாயிகளுக்கு வேண்டியிருந்ததன் கணக்கு ஆகாது. கையில் சரக்கு இருந்த நாட்களில் கொடுக்க முடிந்ததன் கணக்கு மட்டுமே அது.

இதில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. எங்கள் சங்கத்தில் இல்லை என்று தெரிந்த விவசாயிகள் சும்மா இருக்கமாட்டார்கள். தலைமடைப் பக்கம் இருக்கும் சங்கத்துக்குப் போய் வாங்கி வருவார்கள். அந்த மூட்டைகள் எல்லாம் தலைமடைச் சங்கத்தின் விற்பனையாகப் பதிவாகும். மறு ஆண்டு அந்தச் சங்கத்துக்கு ஒதுக்கீடு கூடும், எங்களுக்குக் குறையும். எங்கள் ஊர்த் தேவையே எங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

காலண்டர் தேதியும் தண்ணீர் தேதியும்

பழைய விற்பனையை நம்புவதில் மற்றொரு ஆபத்து தேதி. சென்ற ஆண்டு ஜூலை மாதம் இத்தனை மூட்டை விற்றது, எனவே இந்த ஆண்டு ஜூலைக்கும் அவ்வளவு என்று போடுவது அலுவலக வழக்கம். ஆற்றுப் பாசனத்தில் இது செல்லாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படுவது. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-ல் அணையில் நீர் இல்லாமல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மறுபடியும் 2025-ல் ஜூன் 12-ஆம் தேதியே தண்ணீர் வந்தது.

2024 ஜூலை விற்பனையை அப்படியே வைத்துக்கொண்டு 2025 ஜூலைக்கு உரம் பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முந்தைய ஆண்டு வாய்க்காலில் தண்ணீரே இல்லாத மாதத்தின் கணக்கை, தண்ணீர் வந்து ஒரு மாதம் ஆன வயலுக்குப் பொருத்தியதாகும். ஆகவே பழைய விற்பனையைக் காலண்டர் தேதி வாரியாக எடுக்கக் கூடாது. தண்ணீர் வந்த நாளிலிருந்து முதல் பத்து நாள், இரண்டாவது பத்து நாள் என்று எண்ணி எடுக்க வேண்டும். பம்புசெட் பாசனம் உள்ள ஊர்களில் மட்டும் தேதிக் கணக்கு ஓரளவு பொருந்தும். இந்த இரண்டு வகை ஊர்களையும் ஒரே தராசில் வைப்பது தவறு.

கேட்டு வாங்கினால் மட்டும் தீருமா?

அப்படியானால் சங்கங்களே கேட்டு வாங்கட்டும் என்று விட்டுவிடலாமா? நானே ஆண்டுக்கணக்கில் தேவைப் பட்டியல் எழுதியவன். அதில் நடக்கும் சங்கதி எனக்குத் தெரியும்.

400 மூட்டை கேட்டால் 200 தான் வரும் என்று ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொண்ட செயலாளர் அடுத்த தடவை 800 என்று எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. தன் உறுப்பினர்களுக்கு உரம் வேண்டுமே! பக்கத்துச் சங்கமும் அப்படியே எழுதும். கிட்டங்கியில் இருப்பவர், எல்லாரும் இரட்டிப்பாகத்தான் எழுதுகிறார்கள் என்று எல்லாரையும் ஒரே மாதிரி வெட்டுவார். இதில் உண்மையை எழுதியவருக்கே அதிக நஷ்டம்.

கூடக் கேட்காதவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். இட வசதியில்லாத சிறிய சங்கம், மூட்டை தேங்கினால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டுமே என்று பயப்படும் புதிய செயலாளர், முன்பணம் கட்டித்தான் எடுக்க வேண்டும் என்ற இடத்தில் கையில் பணம் இல்லாத சங்கம் ஆகியவையே குறைத்துக் கேட்கும். அநேகமாக இவை சிறு விவசாயிகள் நிறைந்த சங்கங்கள்.

காலதாமதம் இன்னொரு குறை. முதல் மூட்டை விற்கும் முன்னால் எந்தச் செயலாளருக்கும் வேகம் தெரியாது. விற்கத் தொடங்கி, தீரும் நிலை வந்து, பட்டியல் எழுதி, லாரி பிடித்து, சரக்கு வந்து இறங்க ஒரு வாரம் போய்விடும். தூர் கட்டும் பயிருக்கு அந்த ஒரு வாரம் பெரிது. அப்போது கொடுக்க வேண்டிய தழைச்சத்தைப் பிறகு கொடுத்தால், இலை கறுத்து வளரலாம். விட்டுப்போன தூர் திரும்ப வராது. ஆகையால் முதல் சரக்கை யாரும் கேட்காமலே, பருவத்துக்கு முன்பே அனுப்பித்தான் ஆக வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

பேச்சாகச் சொல்வதைவிட எண்ணாகப் பார்த்தால் விளங்கும். ஒரு கிட்டங்கி, அதன் கீழ் தலைமடை, இடைமடை, கடைமடை என்று மூன்று சங்கங்கள். மேலுரக் காலம் 30 நாள். கிட்டங்கியில் 1,200 மூட்டை யூரியா இருக்கிறது. இது விளக்கத்துக்காக நான் போட்ட கணக்கு.

சென்ற ஆண்டு தலைமடை 600, இடைமடை 400, கடைமடை 200 மூட்டை விற்றன. இந்த ஆண்டு உண்மையில் வேண்டியது தலைமடைக்கு 350, இடைமடைக்கு 450, கடைமடைக்கு 350 என்று இருக்கட்டும். தலைமடையில் குறுவை அறுவடை பிந்தியதால் பலர் தாளடிக்கு ஒத்திப்போட்டுவிட்டார்கள், அதனால் அங்கே இந்த 30 நாளில் தேவை குறைவு. மூன்றையும் கூட்டினால் 1,150. கையில் இருப்பது 1,200. அதாவது உரம் போதும்.

இப்போது பழைய விற்பனைப்படி மொத்தத்தையும் தள்ளி அனுப்பினால் 600, 400, 200 என்று போகும். தலைமடையில் 250 மூட்டை தேங்கும். இடைமடையில் 50, கடைமடையில் 150, ஆக 200 மூட்டை இல்லாமல் போகும். தேங்கியதைத் திருப்பி அனுப்பலாமே என்பீர்கள். ஏற்றுகூலி, இறக்குகூலி, லாரி வாடகை எல்லாவற்றையும் யார் கொடுப்பது என்ற கேள்வியிலேயே பருவம் முடிந்துவிடும். கணக்கில் ஏறிய சரக்கை ஒரு சங்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும் லேசான வேலையல்ல. கீழே போன சரக்கு மேலே வராது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

கேட்டு வாங்கும் முறையில் தலைமடை 900, இடைமடை 700, கடைமடை 300 என்று எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,900. இருப்பது 1,200 என்பதால் எல்லாரையும் ஒரே விகிதத்தில் வெட்டினால் ஏறத்தாழ 570, 440, 190 என்று வரும். தலைமடையில் 220 தேங்கும். கடைமடையில் 160 குறையும். முதல் முறைக்கும் இதற்கும் கடைமடைக்காரருக்கு என்ன வித்தியாசம்?

பழைய கணக்கைத் திருத்துவது

இனி, அதே பழைய விற்பனையைக் கொஞ்சம் திருத்திப் பார்ப்போம். தலைமடை விற்ற 600-ல் 120 மூட்டை கடைமடை ஊர்க்காரர்கள் வந்து வாங்கியது. அதைக் கழித்தால் 480. இடைமடையில் 25 நாள்தான் சரக்கு இருந்தது. 25 நாளில் 400 என்றால் நாளைக்கு 16. முப்பது நாளுக்கு 480. கடைமடையில் பத்து நாளில் 200 விற்றுத் தீர்ந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பத்து நாளில் 200, எனவே முப்பது நாளில் 600 என்று பெருக்கிவிடக் கூடாது. தீர்ந்துவிடும் என்ற பயத்தில் ஜனங்கள் முன்கூட்டியே வாங்கி வீட்டில் போட்டிருப்பார்கள். அந்த வேகம் கடைசி வரை நீடிக்காது. ஆகவே விற்ற 200, தலைமடைக்குப் போய் வாங்கிய 120, எங்கும் கிடைக்காமல் திரும்பியவர்கள் கேட்ட மூட்டை 80, ஆக 400 என்று எடுப்பதே சரி.

480, 480, 400 என்ற இந்த விகிதத்தில் 1,200 மூட்டையையும் பிரித்தால் ஏறத்தாழ 425, 420, 355 வரும். தலைமடையில் 75 தேங்கும், இடைமடையில் 30 குறையும், கடைமடைக்குச் சரியாகப் போகும். 200 மூட்டைக் குறை 30 ஆகிவிட்டது. ஒரு பைசா செலவில்லாமல், கணக்கை நேர்மையாகப் பார்த்ததில் வந்த பலன் இது. ஆனாலும் தலைமடைக்காரர்கள் இந்த ஆண்டு தாளடிக்கு ஒத்திப்போடுவார்கள் என்பதை எந்தப் பழைய கணக்கும் சொல்லாது. அதற்குத்தான் அடுத்த ஏற்பாடு.

முழுவதையும் அனுப்பாதீர்கள்

முதலில் நூற்றுக்கு அறுபது பங்கை மட்டும் அனுப்ப வேண்டும். 1,200-ல் 720 மூட்டை. திருத்திய விகிதப்படி ஏறத்தாழ தலைமடைக்கு 250, இடைமடைக்கு 250, கடைமடைக்கு 220. மீதி 480 மூட்டையைக் கிட்டங்கியிலேயே, எந்தச் சங்கத்தின் பெயரும் போடாமல் நிறுத்தி வைக்க வேண்டும்.

விற்பனை தொடங்கிய பிறகு, இந்த 480-ம் விற்பனையின் வேகத்தைப் பார்த்துப் போக வேண்டும். தலைமடைக்கு மேலும் 100, இடைமடைக்கு 200, கடைமடைக்கு 130 என்று போனால் மூன்றும் நிறைந்துவிடும். அப்போதும் கிட்டங்கியில் 50 மூட்டை கையிருப்பு இருக்கும். உரத்தின் அளவு ஒன்றுதான், ஊர்களும் அவையேதான். ஆனால் ஒரு விவசாயிகூடத் திரும்பிப் போகவில்லை. மூன்று ஊரிலும் தனித்தனியே "இருக்கட்டும்" என்று போட்டு வைக்கும் உபரி, எந்த ஊருக்கு வேண்டும் என்று தெரியாமல் முடங்கிவிடும். அதையே நடுவில் ஓரிடத்தில் வைத்தால் எந்த ஊருக்கு வேண்டுமோ அந்த ஊருக்கு உதவும்.

இரண்டாவது சரக்கு எப்போது புறப்பட வேண்டும் என்பதற்கும் சுலபமான கணக்கு உண்டு. கடைமடையில் நாளைக்கு 12 மூட்டை விற்கிறது. சொன்ன பிறகு லாரி வர 3 நாள். அந்த மூன்று நாளுக்கு 36 மூட்டை வேண்டும். மழை, லாரிக் கோளாறு, திடீர்க் கூட்டம் இவற்றுக்காக அதில் பாதி, 18 மூட்டை சேர்த்துக்கொள்ளலாம். ஆக, இருப்பு 54-ஐத் தொட்டதும் கிட்டங்கி அனுப்ப வேண்டும். 220 மூட்டையோடு தொடங்கிய சங்கத்தில் பதினான்காம் நாள் மாலை இருப்பு 52 ஆகும். அன்றே சொன்னால் பதினேழாம் நாள் மூட்டை வந்து இறங்கும். அப்போது கையில் இன்னும் 16 மூட்டை இருக்கும். கதவைச் சாத்த வேண்டியதில்லை.

யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோ. 9 டன் ஏற்றும் லாரியில் 200 மூட்டை பிடிக்கும். ஒரு சின்னச் சங்கத்துக்கு இத்தனையும் ஒரே நேரத்தில் வேண்டியிருக்காது. எனவே ஒரே பாதையில் இருக்கும் இரண்டு மூன்று சங்கங்களுக்குச் சேர்த்து ஒரு லாரி அனுப்பினால் வாடகை கட்டுப்படியாகும். "அடிக்கடி அனுப்பினால் செலவு" என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில்.

இதைச் செய்யப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. நாடு முழுவதும் 2018 முதல் பி.ஓ.எஸ். என்று சொல்லப்படும் கைரேகைக் கருவி வழியாகத்தான் மானிய உரம் விற்கப்படுகிறது. எந்தச் சங்கத்தில் எந்த நாள் எத்தனை மூட்டை விற்றது, இருப்பு எவ்வளவு என்பது அன்றன்றே பதிவாகிறது. எந்தெந்த நாள் இருப்பு பூஜ்யமாக இருந்தது என்பதையும் அதிலிருந்தே எடுக்கலாம். இவ்வளவையும் பதிவு செய்துவிட்டு, மாதக் கடைசியில் வரும் மொத்த எண்ணை மட்டும் பார்த்து ஒதுக்கீடு போடுவது நியாயமா?

இந்த முறைக்கும் எல்லை உண்டு

அறுபது, நாற்பது என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும் சூத்திரமல்ல. மூன்று நாளில் லாரி வரும் இடத்துக்குத்தான் இது சரி. வடகிழக்கு மழையில் சாலை துண்டிக்கப்படும் கடலோர ஊருக்கும், மலைமேல் உள்ள சங்கத்துக்கும் முதலிலேயே எண்பது, தொண்ணூறு பங்கு அனுப்பிவிடுவதே புத்திசாலித்தனம். கிட்டங்கியில் கையிருப்பு இருந்தும் வந்து சேரவில்லை என்றால் அது இல்லாததற்குச் சமம்.

நெல் விதைக்கு நேர்மாறு. சான்று பெற்ற விதைக்குக் காலக்கெடு ஒன்பது மாதம். ஒரு கிராமத்தில் தேங்கிய விதை அந்தப் பருவம் போனால் அரிசி ஆலைக்குத்தான் போகும். ஆகவே விதையில் முதலில் அனுப்பும் பங்கைக் குறைத்து, நடுவில் நிறுத்தும் பங்கைக் கூட்ட வேண்டும். யூரியா அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஆனால் ஈரம் பட்டால் கட்டி தட்டிவிடும் என்பதால் ஒழுகும் கூரையின் கீழ் அதிகம் அடுக்குவதும் ஆகாது.

கடைசியாக ஒன்று. மாவட்டத்துக்கு வந்ததே 800 மூட்டை என்றால் எந்த முறையாலும் 1,150 ஆக்க முடியாது. அந்த ஆண்டில் இந்த ஏற்பாடு குறையைச் சமமாகப் பகிர்ந்து கொடுக்கும், அவ்வளவுதான். கடைமடை மட்டும் முழுக்கக் காயாமல் இருக்கும்.

நாம் செய்ய வேண்டியது

எல்லாம் அலுவலகத்தில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை என்று நாம் கைகட்டி இருக்கலாகாது. சங்கம் நம்முடையது. உறுப்பினர்களாகிய நாம் செய்யக்கூடிய இரண்டு காரியங்கள் உண்டு.

ஒன்று, ஒவ்வொரு சங்கத்திலும் "இல்லை" நோட்டு ஒன்று போட வேண்டும். உரம் கேட்டு வந்து கிடைக்காமல் போனவரின் பெயர், ஊர், கேட்ட மூட்டை, தேதி ஆகிய நான்கையும் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும். ஒருவரே மூன்று தடவை வந்தாலும் ஒரு தடவைதான் கணக்கு. நான் செயலாளராக இருந்த கடைசி ஆண்டுகளில் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இப்படி எழுதி வைத்தேன். ஒதுக்கீட்டுக் கூட்டத்தில் அதைப் பிரித்துக் காட்டியபோதுதான், எங்கள் சங்கத்தின் விற்பனைக் கணக்கு ஏன் குறைந்திருந்தது என்பதை அதிகாரி காது கொடுத்துக் கேட்டார். அதுவரை நான் வாயால் சொன்னதெல்லாம் புலம்பலாகவே போயிற்று.

இரண்டாவது, செயலாளரிடம் எத்தனை மூட்டை வேண்டும் என்று கேட்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஊரில் எத்தனை ஏக்கருக்கு, எந்தத் தேதியில் நாற்று விட்டிருக்கிறார்கள் என்று அவரிடம் கேட்கட்டும். மூட்டையைக் கூட்டி எழுதலாம். நாற்றங்காலைக் கூட்டிக் காட்ட முடியாது, வரப்பில் நின்று எண்ணிவிடலாம். ஏக்கருக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் என்பது நாம் அறிந்ததே. மத்திய கால ரகத்தில் நாற்று விட்டு 25, 30 நாளில் நடவு. நட்டு 20 நாளில் தூர் கட்டும் மேலுரம். ஆக, நாற்று விட்ட நாளிலிருந்து 45, 50 நாள் கழித்துத்தான் அந்த யூரியா தேவைப்படுகிறது. நேரடி விதைப்பு செய்த வயலுக்கு விதைத்த நாளைக் குறித்துக்கொண்டால் போதும். இவ்வளவு முன்னதாக வயலே நமக்குச் செய்தி சொல்கிறது.

மூட்டைக் கணக்குக்கும் இது உதவும். ஏக்கருக்கு மொத்தம் 60 கிலோ தழைச்சத்து, அதை நான்காகப் பிரித்துக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்கு 15 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோவுக்குச் சற்று மேல் தழைச்சத்து இருக்கிறது. எனவே ஒரு மேலுரத்துக்கு ஏக்கருக்கு முக்கால் மூட்டை போதும். எட்டு ஏக்கருக்குப் போதுமான நாற்றங்கால் ஒரு தெருவில் இருந்தால், அந்தத் தெருவுக்கு ஆறு மூட்டை. ஊர் முழுவதும் கூட்டிப் பார்த்து, திருத்திய பழைய விற்பனையோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒத்துவந்தால் நம்பி அனுப்பலாம். பெரிய வித்தியாசம் இருந்தால் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். அந்த ஊருக்கு முதல் சரக்கு அனுப்பும் முன் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும்.

ஆகவே, முதல் சரக்கைக் கிட்டங்கியே அனுப்பட்டும். ஆனால் காலி நாட்களைக் கழித்துத் திருத்திய கணக்கோடு அனுப்பட்டும். இரண்டாவது சரக்கு, பட்டியலில் யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதைப் பார்த்து அல்லாமல், எந்தச் சங்கத்தில் மூட்டை தீர்கிறது என்பதைப் பார்த்துப் போகட்டும். இடையில் ஒரு பங்கு யார் பெயரும் இல்லாமல் கிட்டங்கியில் காத்திருக்கட்டும். அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பும்படி விவசாயப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். "இல்லை" நோட்டுக்குத் தீர்மானம்கூட வேண்டாம். அதை நாளைக் காலையே வாங்கி, சங்கத்து மேஜையில் வைத்துவிடலாம்.